சுத்தமான வலைப்பை

சண்முகசுந்தரியின் ஆராய்ச்சியில் ஒன்றும் வரவில்லை. இதை அவளிடம் நேராகச் சொன்னால் கோபம் வரும். ஒன்றும் வராததும் ஒரு முடிவுதான் என்று நம்மை உட்காரவைத்து விளக்குவாள். ஆனால் ஆய்வேட்டின் விவாத அத்தியாயத்தைக் கொண்டுபோய் வழிகாட்டியின் மேசையில் வைத்தபோது அவளுக்கே அதில் நம்பிக்கை கிடையாது. இருந்திருந்தால் நாற்பது பக்கம் வளர்த்திருக்க மாட்டாள்.

விஷயம் இதுதான். முத்துச்சிப்பிக் குஞ்சுகள் பிறந்த புதிதில் கடலில் மிதந்து திரியும். கொஞ்சம் வளர்ந்ததும் எதையாவது பற்றிக்கொண்டு உட்கார இடம் தேடும். வெங்காயம் வருகிற நைலான் வலைப்பைக்குள் பழைய மீன்வலையைத் திணித்துத் தண்ணீரில் தொங்கவிட்டால் சில குஞ்சுகள் வந்து ஒட்டும். அந்தப் பையை இரண்டு வாரம் முன்னாலேயே கடலில் ஊறப்போட்டு, வழவழவென்று ஒரு படலம் பிடித்தபின் தொங்கவிட்டால், சுத்தமான பையைவிட இரண்டு மடங்கு ஒட்டும் என்று ஒருவர் பொரிப்பகத் தொட்டியில் சோதித்துப் பார்த்து முனைவர் பட்டம் வாங்கியிருந்தார். தொட்டியில் நடப்பது கடலிலும் நடக்கிறதா என்று பார்ப்பது சுந்தரியின் வேலை. தூத்துக்குடிக்கு வடக்கே கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி மிதவை கட்டி, ஊறிய பையும் சுத்தமான பையுமாக மாற்றி மாற்றித் தொங்கவிட்டு, இரண்டு பருவம் எண்ணினாள். முதல் பருவத்தில் ஊறிய பையில் கொஞ்சம் அதிகம். இரண்டாம் பருவத்தில் கொஞ்சம் குறைவு. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இதற்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.

இரண்டு மடங்கு என்று எழுதி வைத்தவர் பெயர் லிங்கராஜ். சுந்தரிக்குத் தொல்லையே அதுதான்.

வழிகாட்டி டாக்டர் மெட்டில்டா மணப்பாட்டுக்காரி. நல்ல மனுஷி, ஆனால் பொறுமை என்பதை ஆண்டவன் அவருக்குக் கொடுக்க மறந்துவிட்டான். நாற்பது பக்கத்தையும் மூன்றே நாளில் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். முதல் பருவத்து முடிவைப் பற்றி அவள் 'புள்ளியியல்படி உறுதியாகாவிட்டாலும் உயரும் போக்கு தெரிகிறது' என்று எழுதியிருந்தாள். இரண்டாம் பருவத்துக்கு வடகிழக்குப் பருவமழை, கலங்கல் தண்ணீர், பையெல்லாம் ஒட்டி இடத்தை அடைக்கும் கொட்டலசு என்று காரணங்களை அடுக்கியிருந்தாள். இரண்டு இடத்திலும் மெட்டில்டா சிவப்பு மையால் 'அப்படியா?' என்று ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்.

"மொத வருசமும் மழை பெஞ்சுது, ரெண்டாவது வருசமும் பெஞ்சுது. ரிசல்ட்டு புடிக்கலன்னா மட்டும் கடல் மோசமாயிருமோ?" என்றார். "ஏளா, நீ விவாதம் எழுதல. யாரையோ காப்பாத்திக்கிட்டு இருக்க."

சுந்தரிக்குக் காதுமடல் சுட்டது. மெட்டில்டா அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை, காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். லிங்கராஜுக்கும் அவர்தான் வழிகாட்டி. அந்த 'இரண்டு மடங்கு' கட்டுரையில் அவர் பெயரும் இரண்டாவதாக இருந்தது. இருந்தும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"ஒண்ணும் வரலன்னா, 'ஒண்ணுமே இல்ல'ன்னு அர்த்தம் கெடையாது. எவ்வளவு பெரிய வித்தியாசம் இருந்திருந்தா உன் கணக்குல கண்டிப்பா பட்டிருக்கும்? அத மொதல்ல சொல்லு. அதுக்குக் கீழ உள்ளது உனக்குத் தெரியாது. அதையும் சொல்லு. பெறகு ஏன்னு பேசு."

இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் வேறு யாருடைய காகிதத்தையோ எடுத்துக்கொண்டார். போகலாம் என்பதற்கு அவர் பாஷை அது.

சுந்தரி மில்லர்புரத்தில் வாடகை அறை ஒன்றில் ஜெனிஸ் என்கிற ஜூனியர் பெண்ணோடு இருந்தாள். வீடு பக்கத்தில்தான், ஸ்ரீவைகுண்டம். அப்பா வயலை விட்டு அசைய மாட்டார். அம்மா மட்டும் போன் பண்ணி, படிப்பு எப்போது முடியும் என்று கேட்பாள். நாற்று நட்டதுக்கும் அறுப்புக்கும் நடுவே முடிந்துவிடும் என்று சுந்தரி சொல்லுவாள். எந்தப் பூ அறுப்பு, எந்த வருஷத்துப் போகம் என்று சொன்னதில்லை.

முடிப்பதற்கு அவளுக்கு வேறொரு காரணம் இருந்தது. அது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எம்.எஸ்சி. படிக்கும்போது லிங்கராஜின் சோதனைக்குக் கை உதவிக்கு வந்தவள் அவள். உடன்குடியில் மளிகைக்கடை வைத்திருந்தவர் மகன் அவன். நீளக் கை, மெல்லிய குரல், வேலை செய்யும்போது உதட்டைக் கடித்துக்கொள்ளும் பழக்கம். துறையில் எல்லா ஜூனியர் பெண்களும் சீனியர்களை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். சுந்தரி அவனை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அண்ணா என்ற சொல் வரவேண்டிய இடத்தில் ஒரு இருமல் வரும், அல்லது 'இங்க பாருங்க' என்று வரும். ஊரே கேட்கும்படி அதைவிட உரக்க ஒரு பெண் சொல்ல முடியாது. கேட்க வேண்டியவனுக்கும் அது கேட்டிருந்தது என்பதுதான் அவள் நம்பிக்கை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு ஓமன் பக்கம் ஒரு சிப்பிப் பொரிப்பகத்தில் வேலை கிடைத்தது. சுந்தரி அப்போதுதான் ஆய்வில் சேர்ந்திருந்தாள். சென்னைக்கு ரயிலேற்றிவிட நாலைந்து பேர் போயிருந்தார்கள். வண்டி நகரப்போகும் நேரத்தில் ஜன்னல் கம்பிக்கு அந்தப்பக்கமிருந்து அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "நீ முடிச்சதும் சொல்லு. மிச்சத்தப் பேசிக்கிடுவோம்."

மிச்சம் என்றால் என்ன மிச்சம்? அதை அவள் எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்திருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை. முதல் வருஷம் தினமும் பேசினார்கள், எல்லாம் சிப்பியைப் பற்றித்தான். பிறகு வாரத்துக்கு ஒருநாள் ஆனது. இரண்டு வருஷமாகப் பொங்கல் வாழ்த்து மட்டும் வந்தது, அதுவும் எல்லோருக்கும் அனுப்புகிற பானைப் படம். வேறு யாராவது வந்திருப்பாள், அல்லது எந்தக் காலத்திலும் எதுவும் இருந்திருக்காது என்று அவள் தனக்குத்தானே முடிவு கட்டியிருந்தாள். முடிவு கட்டிய பிறகும் ஏங்குவது நிற்கவில்லை. இதில் அவன் கண்டுபிடிப்பைத் தப்பென்று எழுதி முடித்துவிட்டு, 'முடிச்சிட்டேன்' என்று எந்த வாயால் சொல்வது?

ஆனாலும் மெட்டில்டா சொன்னபடி முதலிலிருந்து எழுத உட்கார்ந்தாள். எண்களை மறுபடி போட்டாள். ஊறிய பையில் ஒட்டியது சுத்தமான பையில் ஒட்டியதைப் போல எத்தனை பங்கு என்று பார்த்தால், நூற்றுக்குப் பதினைந்து குறைவிலிருந்து இருபத்தைந்து கூடுதல் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வந்தது. அதற்குள் சின்னதாக ஏதாவது ஒளிந்திருக்கலாம், அதை அவளால் மறுக்க முடியாது. இரண்டு மடங்கு அதற்குள் ஒளிய முடியாது. இரண்டு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்த எண்கள் முதல்முறையாக எதையோ உறுதியாகச் சொன்னமாதிரி இருந்தது அவளுக்கு.

சரி, ஏன்? பழைய படங்களைத் தேடினாள். தொங்கவிட்ட நான்காம் நாள், மிதவையின் கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனபோது எடுத்த படங்கள் இருந்தன. பெரிதாக்கிப் பார்த்தாள். சுத்தமான பையிலும் அதற்குள் பழுப்பாக ஒரு படலம். தொட்டித் தண்ணீர் வடிகட்டிய தண்ணீர், அதில் சுத்தமான பை சுத்தமாகவே இருந்திருக்கும். கடல் அப்படியா விடும்? நாலே நாளில் எல்லாப் பையையும் ஒன்றுபோல ஆக்கிவிட்டது. அப்படியானால் லிங்கராஜ் சொன்னதும் சரி, அவள் கண்டதும் சரி. தொட்டிக்கு அது, கடலுக்கு இது. யாருடைய தலையும் உருளவில்லை.

மெட்டில்டாவே இதைப் படித்துவிட்டு, பரவாயில்லையே என்றார். அவர் வாயிலிருந்து அது பொன்னாடை போர்த்துவதற்குச் சமம். சுந்தரி அன்றைக்கு அறைக்குத் திரும்பும் வழியில் ஜெனிஸுக்கு மக்ரூன் வாங்கிக்கொண்டு போனாள். இன்னும் ஒரு மாதத்தில் சமர்ப்பித்துவிடலாம். பிறகு அந்த ஒரு வார்த்தையை அவனுக்கு அனுப்பலாம்.

அடுத்த வாரம் ஏதோ ஒரு குடுவையைத் தேடிப் பொரிப்பகத்துக்குள் போனாள். குஞ்சு விடும் பருவம் முடிந்து தொட்டிகள் காலியாகக் கிடந்தன. கழுவும் வேலை நடந்துகொண்டிருந்தது. வாசலில் காலை வைத்ததுமே பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது.

அந்த நெடி அவளுக்குப் பிரியமானது. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் உண்மை. லிங்கராஜோடு அவள் கழித்த நாட்களில் அவள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொள்வது ஒரே ஒரு மத்தியானத்தைத்தான். கவிழ்த்துப் போட்ட இரண்டு வாளிகளில் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவிலிருந்த நீல டிரம்மில் இருவரும் கையை விட்டுப் பைகளை அலசினார்கள். அவள் விரல்நுனியெல்லாம் தோலுரிந்து எரிந்தது. அவன் எழுந்துபோய் எங்கிருந்தோ ஒரு தேங்காய் எண்ணெய்ப் பாக்கெட் வாங்கிவந்து, பல்லால் கடித்துப் பிரித்து, அவள் உள்ளங்கையில் ஊற்றினான். தொடவில்லை. ஊற்றினான், அவ்வளவுதான். அவன் கையும் வெளிறிச் சுருங்கிப்போயிருந்தது. அந்தக் கையை அவள் நான்கு வருஷமாக மனத்துக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்குப் பொரிப்பக வாசலில் நின்றபடி மறுபடியும் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் கையைப் பார்த்தாளே தவிர, அந்தக் கை எதில் முங்கியிருந்தது என்று பார்க்கவில்லை.

டிரம்மில் இருந்தது பிளீச்சிங் தண்ணீர். பொரிப்பகத்தில் எது உள்ளே போனாலும் அதில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயப்போட்டுத்தான் போகும். வழக்கம் அது, யாரும் யோசித்துச் செய்வதில்லை. லிங்கராஜின் சுத்தமான பைகள் அப்படிச் சுத்தமானவை. நைலான் இழை குளோரினைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒரு அலசலில் போகாது. ஊறிய பைகளோ பிளீச்சிங்குக்குப் பிறகு இரண்டு வாரம் கடலில் கிடந்தவை, அவற்றிலிருந்து எல்லாம் கழுவிப் போயிருக்கும். அப்படியானால் ஊறிய பை குஞ்சுகளை இழுக்கவில்லை, சுத்தமான பை விரட்டியிருக்கிறது. ஊறிய பையில் இரண்டு மடங்கு கூடவில்லை, சுத்தமான பையில் பாதியாகக் குறைந்திருக்கிறது. கடலில் சுந்தரி தொங்கவிட்ட பைகள் கடையிலிருந்து வந்த கட்டைப் பிரித்துப் படகோரம் கடல்நீரில் அலசி அப்படியே போட்டவை. பிளீச்சிங்கின் முகத்தையே அவை பார்த்ததில்லை.

அவன் ஆய்வேட்டை எடுத்துச் செய்முறை அத்தியாயத்தைப் படித்தாள். 'சுத்தமான வலைப்பைகள்' என்று மட்டும் இருந்தது. எப்படிச் சுத்தமானவை என்று இல்லை. பல் விளக்கினேன் என்று யாராவது எழுதுவார்களா?

இரண்டு நாள் அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. கடல் படலத்தை வைத்து எழுதிய காரணம் அழகாக நிற்கிறது, வழிகாட்டியே சரி என்று சொல்லியாகிவிட்டது, தேர்வாளரும் தலையாட்டுவார். புதுக் காரணத்தை எழுதினால் அவன் வேலைக்கு அடித்தளமே ஆடும். உப்பளப் பக்கமாக நடந்துகொண்டே தனக்குத்தானே வாதாடினாள். ஒரு மத்தியானத்து ஞாபகம்தானே, அது தரவா? தரவில்லாததை எழுதக்கூடாது என்பதும் ஒழுங்குதானே? வாதம் ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருந்தது. மழை, கலங்கல், கொட்டலசு என்று முன்பு அடுக்கியவையும் அப்படித்தான் நன்றாக இருந்தன. இதை விட்டுவிட்டு முடித்தால் முடித்ததாகாது, அந்த வார்த்தையை அவனுக்கு அனுப்பினால் அது பொய்யாகிவிடும் என்று தெரிந்தபோது அவளுக்கு அழுகைதான் வந்தது.

மெட்டில்டாவிடம் போய்ச் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அலமாரியிலிருந்து அந்தப் பழைய கட்டுரையை எடுத்துப் புரட்டினார்.

"அந்தக் கட்டுரையில எம் பேரும் இருக்கு," என்றார் கடைசியாக. "நானும் கேக்கல பாத்தியா, எப்படிக் கழுவுனீங்கன்னு."

பிறகு பழையபடி ஆனார். இவள் ஞாபகத்தை மட்டும் வைத்து எழுத முடியாது. திரும்பச் சோதிக்கலாம் என்றால் குஞ்சுகள் அடுத்த பருவத்துக்குத்தான், சமர்ப்பிக்கும் கெடு அதற்கு முன்னால். சோதனை செய்தவனே எழுத்தில் உறுதி சொன்னால் அவன் பெயரையும் 'தனிப்பட்ட தகவல்' என்பதையும் தேதியோடு அடைப்புக்குறிக்குள் போட்டு எழுதலாம், அதுவும் சாத்தியமான காரணங்களில் ஒன்றாக மட்டும். அவன் சம்மதம் வேண்டும். "எழுதிக் கேளு," என்றார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். "நான் கேக்கவா?" என்று அவர் சின்னக் குரலில் கேட்டார். யாருக்கும் தெரியாது என்று அவள் நினைத்தது வீண் நினைப்பு. வேண்டாம் மேடம், நானே கேட்கிறேன் என்று வந்துவிட்டாள்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு எழுதும் மின்னஞ்சலை எப்படித் தொடங்குவது? அண்ணா என்று எழுத அன்றைக்கே கை வராதது இன்றைக்கா வரும்? வெறும் பெயர் உரிமை எடுப்பதாக இருந்தது. கடைசியில் 'மதிப்பிற்குரிய டாக்டர் லிங்கராஜ் அவர்களுக்கு' என்று ஆங்கிலத்தில் தொடங்கி, பரீட்சைத் தாள் மாதிரி மூன்று கேள்விகள் கேட்டு, 'நன்றியுடன், சண்முகசுந்தரி, முனைவர் பட்ட ஆய்வாளர்' என்று முடித்தாள். நலமா என்று ஒரு வரி எழுதி அழித்தாள். அனுப்பிவிட்டு ஜெனிஸிடம் எரிந்து விழுந்தாள், பாவம், அந்தப் பெண் விசிறியை அணைத்ததைத் தவிர வேறெந்தத் தப்பும் செய்யவில்லை.

பதில் மறுநாளே வந்தது. மேலே மூன்று கேள்விக்கும் ஆங்கிலத்தில் மூன்று பதில். ஆமாம், எல்லா வலைப்பைகளும் பிளீச்சிங் நீரில் கழுவப்பட்டன. ஆமாம், ஊறவைத்தவை அதற்குப் பிறகே கடலில் போடப்பட்டன. எச்சக் குளோரின் சோதிக்கப்படவில்லை. இதை என் பெயருடன் மேற்கோள் காட்டலாம். அதோடு நிற்கவில்லை. கீழே தமிழில் நீளமாக இருந்தது.

'சுந்தரி, இங்க வந்து ரெண்டாவது வருசமே எனக்குத் தெரியும். இங்கன பிளீச்சிங் போடுறதில்ல, சுடுதண்ணி மட்டும்தான். புதுப் பையும் ஊறுன பையும் தொட்டியில ஒண்ணுபோலதான் புடிச்சுது. நம்ம டிரம்மு அப்பதான் ஞாபகம் வந்துச்சு. நீ அப்ப மொதல் பருவம் முடிச்சிட்டு ரெண்டாவதுக்கு மெதவை கட்டிக்கிட்டு இருந்த. சொன்னா உன் வேலையே போயிரும்னு பயம். எம் பேரும் போயிரும்னு பயம், அது கூட. இதச் சொல்லாம உங்கிட்ட வேற எதப் பேசுறது? பேசாமலே இருந்துட்டேன். இதையும் சேத்துப் போட்டுக்கோ. எம் பேரு போட்டே எழுது.'

அவள் இரண்டு முறை படித்தாள். முதலில் வந்தது கோபம். இரண்டாம் பருவம் முழுக்க வெயிலில் முகம் கறுத்து, சொறிமீன் பட்டு முழங்கை வீங்கி, இரண்டு மடங்கு வந்துவிடாதா என்று ஒவ்வொரு பையாகப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தாளே, அப்போது அங்கே ஒருத்தன் எல்லாம் தெரிந்துகொண்டு பொங்கல் பானைப் படம் அனுப்பிக்கொண்டிருந்தான். கையில் கிடைத்தால் மிதவையோடு சேர்த்துக் கட்டிக் கடலில் விட்டிருப்பாள். கோபத்துக்கு அடியிலேயே இன்னொன்றும் இருந்தது, அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு ஒரு இரவு பிடித்தது. இரண்டு வருஷமாக அவன் பக்கத்திலிருந்து ஒன்றும் வராததை, ஒன்றுமே இல்லை என்று அவள் படித்திருந்தாள். அப்படி இல்லையாம்.

அவள் பதில் எழுதவில்லை. அத்தியாயத்தை எழுதினாள்.

இந்த முறை பதினான்கே பக்கம். முதல் பத்தியிலேயே கண்டதைப் போட்டு உடைத்தாள்: கடலில் ஊறவைத்தல் எந்தக் கூடுதலையும் காட்டவில்லை; கால் பங்குக்கு மேற்பட்ட கூடுதலை இந்தத் தரவு ஏற்காது; அதைவிடச் சின்னதை இதனால் உறுதிசெய்யவோ மறுக்கவோ முடியாது. இரண்டு பருவமும் எதிரெதிராகச் சாய்ந்தது அந்த அளவுக்குள் தானாக நிகழக்கூடிய ஆட்டம்தான் என்றாள், உயரும் போக்கு என்ற சொல்லைத் தலைமுழுகினாள். அடுத்து, முன்னைய ஆய்வோடு இது முரண்படுகிறது என்று நேராக எழுதினாள். ஏன் என்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று கடல் எல்லாப் பையிலும் நாலு நாளில் படலம் ஏற்றிவிடுவது, அதற்கு அவள் படங்களே சாட்சி. இன்னொன்று முன்னைய ஆய்வின் ஒப்பீட்டுப் பைகளில் குளோரின் தங்கியிருக்கலாம் என்பது, அதற்கு அவன் தகவலும் ஓமன் தொட்டியில் அவன் கண்டதும் சாட்சி, ஆனால் முறையாகச் செய்த சோதனை இல்லை. ஒன்று உண்மையானால் இன்னொன்று பொய்யாக வேண்டியதில்லை, எது எவ்வளவு என்று இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டாள். பிரித்துச் சொல்ல எந்தச் சோதனை வேண்டும் என்று எழுதினாள்: பிளீச்சிங் பட்டதும் படாததும், ஊறியதும் ஊறாததும், நான்கு வகைப் பையும் ஒரே தொட்டியில்.

அவன் பெயரை அடைப்புக்குறிக்குள் தட்டச்சு செய்யும்போது மட்டும் கை நின்றது. பெயருக்குப் பக்கத்தில் 'தனிப்பட்ட தகவல்'. அவ்வளவு பெரிய மின்னஞ்சலில் தனிப்பட்டது எதுவோ அதை விட்டுவிட்டு, பிளீச்சிங் பவுடரை மட்டும் எடுத்து அந்தப் பெயரில் அச்சேற்றுகிறோம் என்று நினைத்துச் சிரித்தாள். மெட்டில்டா அத்தியாயத்தில் இரண்டு காற்புள்ளிகளை மட்டும் திருத்தித் திருப்பிக் கொடுத்தார்.

சில மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம் என்பது விதி. இப்போதெல்லாம் இணையத்திலும் இணைப்புக் கொடுத்துவிடுகிறார்கள். சுற்றறிக்கையை மெட்டில்டா பழைய மாணவர் குழுவில் போட்டிருந்தார். சுந்தரி மாம்பழ மஞ்சளில் சேலை கட்டியிருந்தாள். வாசலில் வடையும் காபியும் தயாராக இருந்தன. ஜெனிஸ் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டாள், அறைக்குள் கேட்பதற்கு ஒரு ஒலிபெருக்கியும் வைத்திருந்தாள்.

வெளித் தேர்வாளர் டாக்டர் சிவப்பிரகாஷ் நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தார். ஆனால் விவாத அத்தியாயத்துக்கு வந்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். யாரோ ஒருவருடைய ஞாபகத்தை நம்பியா ஒரு அத்தியாயம் எழுதுவது, அம்மா, என்று கேட்டார்.

சுந்தரி அந்தப் பக்கத்தைத் திரையில் கொண்டுவந்தாள். பிறகு பேசினாள். அந்த வரியை அடித்துவிட்டாலும் என் முடிவு அப்படியே நிற்கும், சார், என்றாள். கடலில் கூடுதல் இல்லை என்பதும், இருந்தாலும் எந்த அளவுக்கு மேல் இருக்க முடியாது என்பதும் என் எண்கள் சொல்வது. ஏன் என்பது மட்டும்தான் விவாதம், அதில் இது ஒரு சாத்தியம், சோதிக்கப்படாத சாத்தியம் என்றே எழுதியிருக்கிறேன். அப்படியானால் அதை எதற்காக எழுத வேண்டும் என்று அவர் விடவில்லை. தெரிந்ததை மறைத்தால் அடுத்து வருகிறவர் என்னைப் போலவே இரண்டு பருவம் கடலில் தொங்குவார் என்றாள். அறையில் யாரோ சிரித்தார்கள்.

தேர்வாளர் தாளைப் பார்த்தார். "இந்த லிங்கராஜ், தன்னோட முடிவையே கவுக்கிற இந்தத் தகவலுக்குச் சம்மதிச்சாரா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது. "சம்மதிச்சேன் சார். நான் லிங்கராஜ்தான் பேசுதேன். அவங்க எழுதினது சரி. நான் எழுதாம விட்டதுதான் தப்பு."

மெல்லிய குரல். கொஞ்சம் தடித்திருந்தது. சுந்தரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். திரையில் அவன் முகம் இல்லை, கறுப்புச் சதுரத்தில் பெயர் மட்டும். அறையே திரும்பி அதைப் பார்த்தது, மெட்டில்டா மட்டும் சுந்தரியைப் பார்த்தார். தேர்வாளர் ஒரு கணம் யோசித்துவிட்டு, நல்லது, அடுத்த படத்துக்குப் போங்கள் என்றார். அடுத்த படம் என்ன என்று அவளுக்கு மறந்துபோயிருந்தது.

பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று அறிவித்தார்கள், கைதட்டினார்கள். மெட்டில்டா அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, எல்லோரையும் வடைக்குக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். போகும்போது ஜெனிஸையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது கொஞ்சம் அதிகம்தான்.

மடிக்கணினி திறந்தே இருந்தது. திரையில் சதுரங்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. சுந்தரி அதை மூடத்தான் போனாள். கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அந்தக் கறுப்புச் சதுரம், அதில் அந்தப் பெயர், பக்கத்தில் ஒலிவாங்கி அடைத்திருப்பதைக் காட்டும் சின்னச் சிவப்புக் கோடு. கூட்டம் முடிந்துவிட்டது. போகவில்லை, இருக்கிறான். மறந்துபோய் விட்டுவிட்டானோ என்னவோ, இருப்பதால் மட்டும் ஒன்றும் நிரூபணமாகிவிடாது என்று அவளுக்குள் இருந்த ஆய்வாளர் சொன்னாள்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோபம் இன்னும் இருந்தது, அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வெளியே வடைக்குச் சட்னி போதவில்லை என்று யாரோ சத்தம் போட்டார்கள்.

"இங்க பாருங்க," என்றாள். அண்ணா வரவேண்டிய இடம் அது. "நான் முடிச்சிட்டேன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு அந்தச் சிவப்புக் கோடு மட்டும் மறைந்தது.